ஒரு மழைமாலைக் கவிதையின் தொடரமைப்பு

யாப்பை விட்ட கவிதையில் ஓசை எதனைச் சார்ந்து நிற்கிறது என்னும் வினாவிற்குத் தமிழில் நெடுநாளாக விடை தேடப்பட்டு வருகிறது. ந. பிச்சமூர்த்தி ‘மணிக்கொடி’யில் 1934இல் எழுதத் தொடங்கியபோதும், சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோதும் எழுந்த வினா அது. பள்ளிப் போட்டிக்கு மாணவர் எழுதும் சிறு கவிதையில் அவ்வினா மிகத் தெளிவாகத் தெரியும் என்பது எம் கருத்து. திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள வித்துராவின் மழைமாலையைப் பொருளாகக் கொண்டு, இக்கட்டுரைக்கென யாமே எழுதிய இரு வரைவுகளை இங்கு ஒப்பிடுவோம். முதலாவது, மாணவர்கள் பொதுவாக எழுதும் வகையினது:

மழை பெய்கிறது
மாலை வருகிறது
மரங்கள் ஆடுகின்றன
மனம் மகிழ்கிறது

இதில் மோனை குறைவற உள்ளது. குறை தொடரமைப்பில் இருக்கிறது. ஒவ்வோர் அடியும் எழுவாயில் தொடங்கி வினைமுற்றில் முடிகிறது. நான்கு முறை வாக்கியம் மூடப்படுவதால், படிப்பவர் குரலும் நான்கு முறை ஒரே இடத்தில் இறங்குகிறது. உரக்கப் படித்தால் பட்டியல் ஒப்பிப்பதுபோல் ஒலிக்கும். இரண்டாம் வரைவு வருமாறு:

பொன்முடி தொலைந்தது.
தேயிலைச் சரிவில் இறங்கி வந்து
வாசலில் நின்றது வெள்ளை இருள்.
அம்மாவின் வெறுங்கூடையில்
நனைந்த கொழுந்து மணம்.
ஓட்டின்மேல் ஒரு துளி
பின் ஒரு துளி
பின்
எண்ண முடியாத மழை.

இரண்டாம் அடி ‘வந்து’ என்னும் வினையெச்சத்தில் நிற்கிறது. வந்தது யார் என்பது தெரியாமையால் குரல் இறங்காது அடுத்த அடிக்குச் செல்கிறது. அங்கும் வினை முன்னும் எழுவாய் பின்னுமாக மாறி நிற்பதால், ‘வெள்ளை இருள்’ கடைசியில்தான் வெளிப்படுகிறது. மூடுபனி என்று எழுதியிருந்தால் செய்தி கிடைத்திருக்கும், காத்திருப்பு கிடைத்திராது. அதன்பின் முடிவுவரை வினைமுற்றே இல்லை. வினையில்லாப் பெயர்த்தொடர் தமிழில் நிறைவான வாக்கியமாக நிற்கக்கூடியது. ஆதலின் இவ்வடிகள் குறையாக ஒலிப்பதில்லை. எட்டாம் அடியில் ‘பின்’ என்னும் ஒரு நேரசை மட்டும் நிற்கிறது. ஓட்டில் மழை பிடிக்குமுன் உள்ள இடைவெளியை இந்தத் தனியசை தருகிறது.

மோனை இங்கும் முற்றிலும் நீங்கவில்லை. ‘ஓட்டின்மேல் ஒரு’ என்பதில் ஓகாரமும் ஒகரமும் மோனையாகும். ‘வாசலில் – வெள்ளை’ என்பதோ மெய் ஒத்தும் உயிர் இனமாகாமையால் யாப்பிலக்கணப்படி மோனையன்று. எனினும் செவிக்கு இசைகிறது. புதுக்கவிதையின் ஓசையைப் பழைய கணக்கால் மட்டும் அளப்பவர் இத்தகைய இடங்களைத் தவறவிடுவர்.

படிமத்திற்கு வருவோம். வித்துராவில் மழை இருவகை. ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதி நாள் முழுதும் பெய்யக்கூடியது. துலா மாதமாகிய ஐப்பசியில் வரும் துலாவர்ஷமோ பெரும்பாலும் பிற்பகலில் கருத்து மாலையில் இடியோடு இறங்குவது. ஒரு துளி, பின் ஒரு துளி எனத் தொடங்கும் மாலை துலாவர்ஷத்திற்கே பொருந்தும். தமிழ் மரபில் முல்லைக்குரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. ஐப்பசியோ கூதிர், மலைச்சரிவும் கூதிரும் குறிஞ்சிக்குரியன. இங்கு முல்லையிலிருந்து வந்தது மாலைப்பொழுது மட்டுமே. ஆயினும் அம்மாவுக்கு முன் இருள் வாசலுக்கு வந்துவிடுவதால், முல்லையின் இருத்தல் சொல்லாமலே உணரப்படுகிறது. பொன்முடி, போணக்காடு தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களின் அன்றாடம் அது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்தபின் வீடு வருவது கூடையும் மணமுமே. மாணவர் இதனைத் திணைப்பாடமாகக் கற்றிருக்க வேண்டியதில்லை. கூடையைப் பார்த்திருந்தால் போதும்.

வித்துராவின் வகுப்பறைகளில் மலையாளமே பெரும்பான்மை மொழி. எனவே இக்கவிதையை மலையாளத்தில் சொல்ல நேரும்போது எழும் இடர் கற்பனையன்று. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. முதல் வரைவு ‘பெய்யுன்னு, வருன்னு, ஆடுன்னு’ என ஒரே ஈற்றில் முடியும். தமிழில் ‘ஆடுகின்றன’ தந்த சிறு வேறுபாடும் அங்கு மறையும்; சலிப்பு மிகும். இரண்டாம் வரைவு வினைமுற்றைக் குறைவாகவே நம்புவதால், பெரும்பகுதி சிதையாது கடந்து செல்லும். தடை ஒன்றே: ‘பின்’ என்பதற்கு இயல்பான பேச்சுச்சொல் ‘பின்னெ’. ஓரசை ஈரசையாகிவிடும், தனியடியின் நறுக்குத்தன்மை தளரும். மொழிபெயர்ப்பாளர் அவ்வடியில் சொல்லையே விட்டு, வெற்றிடத்தை மட்டும் வைக்கலாம். யாம் அதனையே விரும்புவோம். ஆயின் போட்டி மேடையில் வெற்றிடத்தைப் படிப்பது எளிதன்று. அங்கு மாணவர் ஒரு மூச்சளவு நிறுத்தவேண்டும்.