வெட்டியும் போகாத வரிகள்

வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் பிடிஎஃப் கோப்பை வேறொருவருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தின் அடியில் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் கைபேசி எண்ணும் இருக்கின்றன. அவை போகக் கூடாது என்று 'கிராப்' கருவியை எடுத்து, அடியில் ஐந்து சென்டிமீட்டரை வெட்டிச் சேமிக்கிறோம். மறுபடி திறந்து பார்த்தால் அந்த வரிகள் இல்லை. நிம்மதியாக அனுப்பிவிடுகிறோம். ஆனால் கோப்புக்குள் அந்த எண்கள் ஓர் இலக்கமும் குறையாமல் அப்படியே இருக்கின்றன. கோப்பைப் பெற்றவர் நினைத்தால் ஒரே நிமிடத்தில் படித்துவிடலாம்.

இது மென்பொருளின் கோளாறு அன்று. அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்ட நாளிலிருந்தே பக்கத்தின் இலக்கணம் இப்படித்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எல்லைகள் இருக்கலாம். அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் மேலே சொன்ன சிக்கல் விளங்கிவிடும்.

முதலாவது மீடியா பாக்ஸ். பக்கம் எவ்வளவு பெரிய தாள் என்பதைச் சொல்லும் எல்லை இது. கட்டாயம் இருந்தாக வேண்டும். இரண்டாவது கிராப் பாக்ஸ். அந்தத் தாளில் எந்தப் பகுதியைத் திரையிலும் அச்சிலும் காட்ட வேண்டும் என்பதைச் சொல்வது. இது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இல்லையென்றால் முழுத் தாளையும் காட்டு என்று பொருள். சட்டம் போட்ட புகைப்படத்தில் ஓரங்கள் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்குமே, அதுபோலத்தான் இதுவும். சட்டத்தைக் கழற்றினால் படம் முழுதாக வந்துவிடும்.

நம் ஒப்பந்தம் ஏ4 தாளில் இருக்கிறது. பிடிஎஃப் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள். அதன்படி ஏ4 தாளின் அகலம் ஏறக்குறைய 595 புள்ளிகள், உயரம் 842. அளவு தொடங்கும் இடம் தாளின் இடது கீழ் மூலை. அடியில் ஐந்து சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 142 புள்ளிகள். வெட்டிய பிறகு அந்தப் பக்கத்தின் குறிப்பு கோப்புக்குள் இப்படி இருக்கும்:

```
/MediaBox [0 0 595 842]
/CropBox  [0 142 595 842]
```

ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எண்கள் இடது கீழ் மூலை; அடுத்த இரண்டும் வலது மேல் மூலை. வெட்டும் கருவி செய்த வேலை இரண்டாவது வரியை எழுதியது மட்டும்தான். எழுத்துகளும் படங்களும் பக்கத்தின் உள்ளடக்கம் என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. அதை அது தொடவே இல்லை. எத்தனை வெட்டினாலும் கோப்பின் அளவு குறையாமல் இருப்பது இதனால்தான்.

சரி, திரையில் தெரியாதது மற்றவருக்கு எப்படித் தெரிகிறது? எந்த எல்லையை மதிப்பது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தானே முடிவு செய்துகொள்கிறது. அடோபி ரீடர் போல நாம் படிக்கப் பயன்படுத்துபவை கிராப் பாக்ஸை மதித்து, 595க்கு 700 புள்ளிகள் கொண்ட குட்டையான பக்கத்தைக் காட்டும். ஆனால் பிடிஎஃப் பக்கத்தைப் படமாக மாற்றப் பலர் பயன்படுத்தும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், தனியாகச் சொல்லாவிட்டால் மீடியா பாக்ஸைத்தான் எடுத்துக்கொள்ளும். கிராப் பாக்ஸை மதிக்கச் செய்ய வேண்டுமானால் `-dUseCropBox` என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மறைத்த ஐந்து சென்டிமீட்டரும் பான் எண்ணோடு படத்தில் வந்து நிற்கும். எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் `pdftotext` போன்ற கருவிகளும் அந்த வரிகளைக் கொடுத்துவிடும். இந்தச் சிரமம்கூட வேண்டாம். அக்ரோபாட்டின் கிராப் சாளரத்தில் ஓர எண்களைப் பூஜ்யமாக்கினாலே முழுப் பக்கமும் திரும்பிவிடும்.

ஒரு கோப்பு வெட்டப்பட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. பாப்ளர் தொகுப்பில் உள்ள சிறு கருவிக்கு இப்படி ஆணையிடலாம்:

```
pdfinfo -box -f 1 -l 3 oppandham.pdf
```

முதல் மூன்று பக்கங்களின் எல்லைகளும் எண்களாக வரும். இரண்டு பாக்ஸுக்கும் ஒரே எண்கள் இருந்தால் கிராப் பாக்ஸால் எதுவும் மறைக்கப்படவில்லை. கிராப் பாக்ஸ் சிறிதாக இருந்தால், அந்த இடைவெளியில் ஏதோ இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எல்லை தனித்தனி என்பதால் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஆணையிட வசதி இல்லாதவர்கள் கோப்பின் விவரப் பகுதியில் பக்க அளவைப் பார்க்கலாம். ஏ4, லீகல் போன்ற வழக்கமான அளவு எதிலும் சேராத விசித்திர அளவு இருந்தால் அது வெட்டியதற்கான தடயமாக இருக்கக்கூடும்.

வெட்டினால் இன்னொரு குழப்பமும் வரும். கிராப் பாக்ஸ் மாறினாலும் அளவு தொடங்கும் மூலை மாறுவதில்லை. நம் ஒப்பந்தத்துக்குப் பக்க எண் போட ஒரு சிறு நிரலை ஓட்டுகிறோம். அது எண்ணைத் தாளின் அடியிலிருந்து 30 புள்ளி உயரத்தில் எழுதுகிறது என்று வையுங்கள். காட்டப்படும் பகுதியோ 142இல்தான் தொடங்குகிறது. நிரல் பிழையில்லாமல் ஓடி முடியும். எண்ணும் கோப்பில் ஏறியிருக்கும். ஆனால் திரையில் எங்கும் இருக்காது. எண்ணோ முத்திரையோ காணாமல் போனால் எழுத்துருவைச் சந்தேகிக்கும் முன் இந்த இரண்டு பாக்ஸ்களின் எண்களைப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் மீடியா பாக்ஸையே சுருக்கிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றலாம். பெரும்பாலான மென்பொருள்கள் அதற்கு வெளியே உள்ளதைக் காட்டாது என்பது உண்மைதான். ஆனாலும் எல்லை எண்தான் மாறுகிறது, உள்ளடக்கம் மாறுவதில்லை. பழைய எண்ணைத் திரும்ப எழுதினால் வரிகளும் திரும்பிவிடும்.

நிஜமாகவே நீக்க இரண்டு வழிகள் உண்டு. அக்ரோபாட்டின் கட்டணப் பதிப்பில் 'ரிடாக்ட்' என்றொரு கருவி இருக்கிறது. அது குறித்துக் காட்டிய எழுத்துகளை உள்ளடக்கத்திலிருந்தே எடுத்துவிடும். அதே மென்பொருளில் மறைந்த தகவல்களை நீக்கும் வசதியும் உண்டு. வெட்டி மறைத்த பகுதிகளையும் அது தேடிக் களையும். இரண்டாவது வழி, தெரியும் பகுதியை மட்டும் படமாக்கி, அந்தப் படத்திலிருந்து புதிய பிடிஎஃப் செய்வது. அப்போது எழுத்தைத் தேடவும் நகலெடுக்கவும் முடியாது; கோப்பும் பெரிதாகலாம். ஆனால் மறைக்க வேண்டியது அதில் இருக்காது. 'பிரிண்ட்' கொடுத்துப் புதிய பிடிஎஃப் ஆக்குவதை மட்டும் நம்ப வேண்டாம். சில மென்பொருள்கள் பழைய உள்ளடக்கத்தை அப்படியே எடுத்துச் சென்று வெளி ஓரத்தை மறைத்து மட்டும் வைக்கும்.

கிராப் பாக்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அகல ஓரம் விட்ட பழைய நூலைக் கைபேசியில் பெரிய எழுத்தில் படிக்க அது அருமையான வசதி. ஓரம் வேண்டுமென்றால் அசல் பக்கம் ஒரு சேதமும் இல்லாமல் திரும்பக் கிடைக்கும். திரும்பக் கிடைக்கும்படி அமைத்ததுதான் அதன் நற்குணம். அந்த நற்குணமே, ரகசியம் காக்க அதை நம்பியவரைக் கைவிடுகிறது. ஆகவே வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: இந்த வரிகள் கண்ணில் படாமல் இருந்தால் போதுமா, இல்லை கோப்பிலேயே இருக்கக் கூடாதா? முன்னதற்குக் கிராப் கருவி போதும். பின்னதற்கு அது ஒருபோதும் போதாது.