எந்தப் படகுக்கு நீர்த்தடை குறைவு? வேகத்தைச் சொல்லுங்கள்!

கூர்மையான முனை கொண்ட படகுதான் தண்ணீரைச் சுலபமாகக் கிழித்துப் போகும் என்று நாம் நினைக்கிறோம். 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டியவர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்.

1867-இல் அவர் இரண்டு வகை மாதிரிப் படகுகளைச் செய்தார். முனைகள் கூர்மையாக இருந்ததற்கு ‘ரேவன்’ என்றும், மழுங்கி உருண்டிருந்ததற்கு ‘ஸ்வான்’ என்றும் பெயர். டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்ததில், மெதுவாகப் போகும்போது ரேவனுக்குத் தடை குறைவு. வேகம் கூடியதும் நிலைமை தலைகீழானது, ஸ்வான் முந்திக்கொண்டது. எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் கிடையாது என்பது தெளிவானது.

ஆனால் ஆற்றில் காற்றும் நீரோட்டமும் அளவைக் குலைக்கும். அதனால் 1872-இல் டார்க்கீ நகரில், சுமார் 85 மீட்டர் நீளமுள்ள கூரை வேய்ந்த தொட்டியில் சோதனை தொடங்கியது. மேலே தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடும். அது மெழுகு மாதிரியை இழுக்கும். இழுக்கும் விசையைக் கருவி பதிவு செய்யும்.

மாதிரியை எந்த வேகத்தில் இழுப்பது? 100 மீட்டர் கப்பலுக்கு 4 மீட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்வோம். நீளம் 25 மடங்கு குறைவு. அதன் வர்க்கமூலம் 5. கப்பல் விநாடிக்கு 10 மீட்டர் போகுமென்றால், மாதிரியை 2 மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். அப்போது இரண்டும் எழுப்பும் அலைகள் ஒரே அமைப்பில் இருக்கும்.

தடையின் ஒரு பங்கு அலை எழுப்புவதால் வருகிறது. மறு பங்கு தண்ணீரின் உராய்வு. உராய்வு இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. எனவே ஃப்ரூட் பலகைகளைத் தண்ணீருக்குள் இழுத்து உராய்வைத் தனியே அளந்தார். மாதிரியின் மொத்தத் தடையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் அலைத்தடை. அதை 25-இன் கனமான 15,625-ஆல் பெருக்கி, கப்பலின் உராய்வைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்தால், கப்பலின் தடை கிடைத்துவிடும்.

இதில் பொறுமை மிக முக்கியம். முந்தைய ஓட்டத்தின் அலை அடங்குமுன் அடுத்ததை ஓட்டினால் அளவு பிசகும். ஒரே வேகத்தில் இருமுறை இழுத்தும் எண்கள் ஒத்துவராவிட்டால், தண்ணீர் இன்னும் அடங்கவில்லையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மாதிரி சிறியது என்பதால் அதன் முன்பகுதியில் நீர் சுழிப்பில்லாமல் வழுக்கிப் போய், உராய்வைக் குறைத்துக் காட்டும். அதைத் தடுக்க முனையருகே மணல் பட்டையோ சிறு குமிழ்களோ ஒட்டுவார்கள்.

இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது நீளமும் எடையும் ஒன்றாக இருக்கட்டும். பல வேகங்களில் அளந்து கோடு வரையுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்டால், படகு ஓடப்போகும் வேகத்தில் எது கீழே இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள்.