ஐம்பது சென்டும் மூன்று டாலரும்

வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வதற்குரிய ஏப்ரல் 15 நெருங்க நெருங்க, மில்பிடாஸிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. கார்டில் செய்யும் ஒவ்வொரு செலவையும் அடுத்த முழு டாலராக்கி, அந்தச் சில்லறையைப் பங்குச் சந்தையில் போட்டுவிடும் செயலியிலிருந்து 1099 என்னும் தாள் வந்திருக்கிறதே, சேர்ந்ததோ முந்நூறு டாலருக்கும் குறைவு, இதற்குமா வரிக் கணக்கு என்பது ஒரு கேள்வி. இப்படியே விட்டுவைத்தால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலத்தில் கைகொடுக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குரிய விடை ஒரு வரியில் அடங்கும். அது கடைசியில் வரட்டும். இரண்டாவதுதான் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது.

இந்த யோசனை நம் வளைகுடாப் பகுதிக்குப் புதியதன்று. பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்காகப் பாலோ ஆல்ட்டோவின் ஐடியோ வடிவமைப்பு நிறுவனத்தார் குடும்பப் பெண்கள் பணத்தைக் கையாளும் விதத்தைக் கவனித்தபோது, கூட்டிப் பார்க்கச் சுலபமாக இருக்குமென்று செலவுத் தொகையைச் சில்லறை இல்லாமல் முழு எண்ணாக்கும் வழக்கம் பலரிடம் இருக்கக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2005 அக்டோபரில் அந்த வங்கி தொடங்கிய 'கீப் தி சேஞ்ச்' திட்டம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பணம் போய்ச் சேரும் சாதாரண சேமிப்புக் கணக்கில் ஆண்டு வட்டி 0.01 சதவீதம், அதாவது ஆயிரம் டாலருக்குப் பத்து சென்ட். 2014-இல் தென் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஏகார்ன்ஸ் என்னும் செயலி, அதே சில்லறையைப் பங்கு நிதிகளில் போடுவதாகச் சொல்லி, அதற்கு மாதச் சந்தாவையும் நிர்ணயித்தது. நம் வாசகர்களில் பெரும்பாலோரைக் குழப்புவது இந்த இரண்டாவது வகை.

சில்லறை எவ்வளவு சேரும் என்பதை ஒரு கடைச் சீட்டை வைத்தே பார்க்கலாம். கலவேரஸ் சாலைப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் துவரம் பருப்பு 8.99, இட்லி அரிசி 17.99, நல்லெண்ணெய் 9.99, ரவை 4.99, புளி 3.99, அப்பளம் 2.99 என்று ஆறு சாமான் வாங்கினால் மொத்தம் 48.94 டாலர், கலிபோர்னியாவில் இத்தகைய உணவுப் பொருளுக்கு விற்பனை வரி இல்லையாதலால் அந்தத் தொகை அப்படியே நிற்கும், சேமிப்புக்குப் போவது ஆறு சென்ட். விலைகளெல்லாம் 99-இல் முடியும்போது, வாங்கிய சாமான் எத்தனையோ அத்தனை சென்ட்தான் மிஞ்சும். அன்று மாலையே உணவு விடுதியில் தோசையும் காப்பியுமாக வரியோடு 14.21 ஆகுமானால் 79 சென்ட் சேரும். வீட்டு வாடகை காசோலையாகப் போகிறபடியால் அதிலிருந்து ஒன்றுமே சேராது. ஆக, குடும்பத்தின் மிகப் பெரிய செலவு இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அநாவசியமான சின்னச் செலவுகளே இதை வளர்க்கின்றன. நம் வீடுகளில் உலை வைக்குமுன் எடுத்துவைத்த பிடி அரிசி இருப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தச் சில்லறையோ வருமானத்தோடு யாதொரு சம்பந்தமுமின்றி, செலவுகளின் எண்ணிக்கையோடு கட்டுண்டு கிடக்கிறது.

இனி எனக்கு உண்மையாகவே கவலை தருகிற அம்சத்துக்கு வருகிறேன். ஏகார்ன்ஸின் கட்டணம் தொடக்கத்தில் மாதம் 1 டாலராக இருந்து, பின்னர் குறைந்தபட்சமே 3 டாலர் என்றாயிற்று. ஒரு காப்பியின் விலைகூட இல்லையே என்று விளம்பரப் பாணியில் இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் கட்டணத்தைக் காப்பியோடு ஒப்பிடுவது தகாது. சேர்ந்திருக்கும் பணத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மாதத்தில் நாற்பது முறை கார்டைப் பயன்படுத்துகிற குடும்பத்துக்குச் சராசரியாக ஐம்பது சென்ட் வீதம் 20 டாலர் சேருமென்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 டாலர் சேமிப்பு, அதற்கு 36 டாலர் சந்தா. அதாவது போட்டதில் நூற்றுக்குப் பதினைந்து, லாபமோ நஷ்டமோ தெரியுமுன்பே போய்விடுகிறது. சந்தை கிரமமாக ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்வதில்லை; வளர்வதாகவே கொண்டாலும், அந்த 36 டாலரை ஈடுகட்டக் கணக்கில் 514 டாலராவது இருக்க வேண்டும். சந்தா போக மாதம் 17 டாலர் வீதம் சேர்ப்பவர் அந்த இடத்தை எட்டுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை சந்தை தருவதைவிடச் சந்தா எடுப்பதே அதிகம். பத்தாண்டு முடிவில் கையில் இருப்பது சுமார் 2,940 டாலர். சந்தா இல்லாதிருந்தால் சுமார் 3,460. கல்லூரிச் செலவுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் இரண்டுமே சொற்பம்.

பணம் நகரும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் உடனுக்குடன் சில்லறை போவதில்லை. ஐந்து டாலர் சேரும்வரை குறித்துவைத்து, பிறகு மொத்தமாக வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். செலவு செய்தது கிரெடிட் கார்டில் என்றாலும் எடுக்கப்படுவது வங்கிக் கணக்கிலிருந்துதான். சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால், வாடகைக் காசோலை மாறுகிற சமயத்தில் கணக்கு வறண்டிருந்தால், ஐந்து டாலரைச் சேமிக்கப்போய் அதைப்போல் பல மடங்கு வங்கி அபராதம் கட்ட நேரலாம். இது வெறும் அனுமானமன்று. சான் ஃபிரான்சிஸ்கோவின் டிஜிட் என்னும் செயலி, வரவு செலவைத் தானே கணித்துச் சேமிப்பை எடுப்பதாகவும், அதனால் கணக்கில் பற்றாக்குறை ஏற்படவே ஏற்படாது என்றும் உத்தரவாதம் கொடுத்தது. பற்றாக்குறை ஏற்பட்டது, அபராதம் கட்டியவர்களில் பலருக்கு அது திரும்பக் கிடைக்கவுமில்லை. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்புச் செயலகம் அந்த நிறுவனத்துக்கு 27 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. 'தானாகவே நடக்கும்' என்ற சொல்லை நான் சந்தேகத்தோடு படிப்பது அதனால்தான்.

என் அபிப்பிராயம் இது: தானாக நடக்கும் சேமிப்பு நல்ல காரியம், சில்லறை வழியாக நடப்பது தவறான அளவு. சம்பளம் வந்த மறுநாள் மாதம் 100 டாலர் தானாக நகரும்படி, ஃபிடெலிட்டி, ஷ்வாப் போன்று மாதச் சந்தா வாங்காத தரகுக் கணக்கொன்றில் ஒரே ஒரு முறை ஏற்பாடு செய்துவிட்டால், மேலே கொண்ட அதே 7 சதவீத வளர்ச்சியில் பத்தாண்டில் சுமார் 17,300 டாலர் ஆகும். உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வரிக் கணக்கில் காட்ட வேண்டுமா? வேண்டும், டிவிடெண்டு பத்து டாலருக்குக் குறைந்து தாளே வராவிட்டாலும் அது வருமானமே.

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கும்போது இதைத் தொடரலாமா? கூடாது, முதலில் பாக்கியை அடைத்துவிடுங்கள்.

அலுவலகத்தில் 401-கே கணக்குக்கு முதலாளி ஈடு தருகிறாரே? அதை முழுவதும் வாங்கிக்கொண்ட பிறகே மற்றவை.

ஊரிலுள்ள பெற்றோர் பயன்படுத்தும் 'ஜார்' செயலி? அதில் சில்லறை டிஜிட்டல் தங்கமாகிறது; வாங்கும்போதே 3 சதவீத ஜிஎஸ்டி போகிறது; டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்புக்கு உட்பட்டதன்று என்று 2025 நவம்பரில் செபி எச்சரித்திருக்கிறது.

நிறுத்துவது எப்படி? தொலைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. கணக்கையே மூட வேண்டும், மூடும்போது பங்குகள் விற்கப்படும், அந்த விற்பனைக்கு அடுத்த ஆண்டு 1099-பி தாள் வரும்.