ஒரு கிழமையா, ஒரு மாதமா?

குடும்பச் செலவைக் கணக்கெடுக்கும் உத்தியோகத்தர் ஒருவர் ஒரு வீட்டின் விறாந்தையில் அமர்ந்திருக்கிறார். வினாக்கொத்தை விரித்து, “சென்ற முப்பது நாள்களில் மரக்கறிக்கு எவ்வளவு செலவாயிற்று, அம்மா?” என்று கேட்கிறார். வீட்டுக்காரி சிறிது யோசித்து, “நாளைக்கு ஒரு முந்நூறு ரூபாய் போகும், தம்பி, ஒன்பதாயிரம் என்று எழுதுங்கோ” என்கிறார். இந்த விடையில் நினைவு என்பது அநேகமாக இல்லை. இருப்பது பெருக்கற் கணக்கே. முப்பது நாள்களிலும் வாங்கியவற்றை ஒவ்வொன்றாக மனத்தில் மீட்டுப் பார்க்க எவராலும் இயலாது. ஆகவே வழக்கமான ஒரு நாளை எடுத்து முப்பதாற் பெருக்கிவிடுகிறார். விருந்தாளிகள் வந்த நாளும், கோயில் விரதத்துக்காக நான்கு கறி சமைத்த நாளும் அந்த வழக்கமான நாளுக்குள் அடங்குவதில்லை.

அதே பெண்மணியிடம், “சென்ற ஏழு நாள்களில் எவ்வளவு?” என்று கேட்டிருந்தால், அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். சந்தை நாள், மரக்கறி வண்டி வந்த நாள், மகள் வந்து நின்ற நாள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். கூட்டுத்தொகை 2,450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதனை முப்பது நாளுக்கு விரித்தால் 10,500 ரூபாய் ஆகிறது. வீடு ஒன்று, சமையல் ஒன்று. ஆயினும் கணக்கில் 1,500 ரூபாய் வித்தியாசம். எது சரி?

கிழமைக் கணக்கே சரியென்று உடனே சொல்லத் தோன்றும். நினைவு புதிதாக இருக்கிறதல்லவா? ஆனால் அங்கே வேறொரு பிழை ஒளிந்திருக்கிறது. அந்த அம்மையார் எண்ணிய சந்தை நாள் உண்மையில் எட்டாவது நாள். அன்று வாங்கியது 210 ரூபாய்க்கு. மனித மனம் நாள்காட்டியைப் பார்த்து நினைப்பதில்லை. சற்று முன்பு நடந்ததை இன்னும் அண்மையில் நடந்ததாக உள்ளே இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. அந்த 210 ரூபாயைக் கழித்தால் கிழமைச் செலவு 2,240, மாதத்துக்கு 9,600. ஆகவே உண்மை 9,600 ரூபாய். மாதக் கேள்வி 600 ரூபாய் குறைத்துச் சொன்னது. கிழமைக் கேள்வி 900 ரூபாய் கூட்டிச் சொன்னது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உள்ளே நுழைந்த பிழை 210 ரூபாய் மாத்திரமே. கிழமைக் கணக்கை மாதத்துக்கு விரிக்கும்போது அதுவும் கூடவே விரிந்து 900 ஆகிவிட்டது. மாதக் கேள்வியில் ஒரு நாள் மிகையாக நுழைந்தால் அது முப்பதில் ஒரு பங்கு. கிழமைக் கேள்வியில் ஏழில் ஒரு பங்கு. எனவே கேட்கும் காலம் நீள நீள மறதி வளர்கிறது. குறுகக் குறுக எல்லையில் நேரும் வழுக்கல் வளர்கிறது. ஒன்று செலவைக் குறைத்துக் காட்டும்; மற்றது பெருக்கிக் காட்டும். இவ்விரண்டும் மிகச் சிறிதாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே கேள்வி தயாரிப்போரின் வேலை.

இந்தத் தேடலின் வரலாற்றை அயல்நாடாகிய இந்தியாவில் தெளிவாகக் காணலாம். பேராசிரியர் மகலனோபிசின் முயற்சியால் 1950 இல் அங்கே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆரம்பமாயிற்று. கிழமையா, மாதமா என்ற வினா முதலாண்டுகளிலேயே எழுந்தது. அதனைத் தீர்க்க மேற்கு வங்காளக் கிராமங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. சில குடும்பங்களிடம் கிழமைக் கணக்குக் கேட்கப்பட்டது. சிலவற்றிடம் மாதக் கணக்கு. வேறு சில வீடுகளில் உத்தியோகத்தர்கள் தராசுடன் சென்று, சமைக்கும் அரிசி முதலானவற்றை நிறுத்தே பார்த்தனர். தராசு காட்டிய அளவுக்கு மாத விடையே நெருங்கியிருந்தது. கிழமை விடை மிகையாக இருந்தது. ஆகவே முப்பது நாள் என்பது அங்கே நிலைபெற்றது.

நாற்பது ஆண்டுகளின் பின் இந்த வினா மீண்டும் எழுந்தது. 1994 முதல் 1998 வரை குடும்பங்களை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றுக்குப் பழைய முப்பது நாள் வினாக்கொத்தையும், மறு கூற்றுக்கு உணவை ஏழு நாளுக்குக் கேட்கும் புதிய வினாக்கொத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வீட்டுக்கு எது என்பது குருட்டுவாக்கிலே தீர்மானிக்கப்பட்டமையால் இரு கூறுகளுக்குமிடையே உண்மையான செல்வ வேறுபாடு இருக்கக் காரணமில்லை. ஆயினும் ஏழு நாள் கேள்வி உணவுச் செலவை ஏறத்தாழ 30 வீதம் உயர்த்திக் காட்டியது. மொத்தச் செலவை 17 வீதமளவில் உயர்த்தியது. வறுமைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் இது சிறிய மாற்றமன்று. வறியோரின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இருபது கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள், ஒரு பிடி அரிசியும் கூடுதலாகப் பெறாமலே, வினாக்கொத்தின் ஒரு வரியினால் வறுமையிலிருந்து நீங்கிவிட்டனர்.

1999-2000 ஆம் ஆண்டின் பெருங் கணக்கெடுப்பில் வேறொரு தவறு நேர்ந்தது. இரு கேள்விகளும் ஒரே வீட்டில், ஒரே தாளில், அருகருகே கேட்கப்பட்டன. கிழமைக்கு இவ்வளவு என்று சொன்னவர், அதே மூச்சில் மாதத்துக்கு விடை சொல்லும்போது முதல் விடைக்கு இசைவாகவே சொல்வார். இரண்டும் முரண்பட்டால் உத்தியோகத்தரும் ஐயத்தோடு நோக்குவார் அல்லவா? முன்னைய பரிசோதனைகளில் விலகி நின்ற இரு விடைகளும் இங்கே நெருங்கி வந்துவிட்டன. 1993-94 இல் 36 வீதமாக இருந்த வறுமை, 1999-2000 இல் 26 வீதமெனப் பிரசித்தமாயிற்று. அந்தப் பத்து வீத வீழ்ச்சியில் எவ்வளவு மக்களின் வாழ்வில் நேர்ந்தது, எவ்வளவு கேள்வியில் நேர்ந்தது என்று பொருளியலாளர் பல ஆண்டுகள் வாதிட்டனர்.

இதன்பின் நடந்த ஆய்வுகளிலிருந்து தெளிந்த உண்மை, எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே காலம் இல்லை என்பது. 2009-10 முதல் அங்கே மூன்று காலங்களைக் கொண்ட வினாக்கொத்து இடம்பெறலாயிற்று. மரக்கறி, பழம், மீன், இறைச்சி, முட்டை, எண்ணெய், வெற்றிலை, புகையிலை போன்றவை ஏழு நாளுக்குக் கேட்கப்பட்டன. அரிசி, கோதுமை, பருப்பு, சீனி, உப்பு, பால், எரிபொருள் ஆகியவை முப்பது நாளுக்கு. துணி, பாதணி, கல்விச் செலவு, ஆஸ்பத்திரியில் தங்கிப் பெற்ற வைத்தியம், தளபாடம் ஆகியவை 365 நாளுக்கு.

இந்தப் பகுப்பின் நியாயம் எளிது. அரிசியும் பருப்பும் பல வீடுகளில் மாதத்துக்கு ஒருமுறை மூட்டையாகவோ கிலோக் கணக்கிலோ வருபவை; எவ்வளவு வந்தது, எவ்வளவு மிச்சம் என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும். மரக்கறியும் மீனும் விலையும் அளவும் மாறி மாறி வருபவை. ஒரு கிழமைக்கு அப்பால் அவை மனத்தில் தங்குவதில்லை. புதுத் துணியோ வருடத்தில் இரண்டொரு தடவையே வாங்கப்படுவது. அதனைச் சென்ற மாதத்துக்கு மாத்திரம் கேட்டால், பத்து வீடுகளில் எட்டு ‘இல்லை’ என்னும். பண்டிகை வந்த வீடொன்று பெருந்தொகை சொல்லும். முதல் எட்டு வீட்டாரும் ஆடையின்றி வாழ்வதாகவும், மற்றவர் செல்வந்தர் எனவும் கணக்குப் பொய்யாகக் காட்டும். அரிதாக நிகழ்வதற்கும் மறக்க முடியாததற்கும் நீண்ட காலம். அடிக்கடி நிகழ்ந்து மனத்தில் பதியாமற் போவதற்குக் குறுகிய காலம் என்பதே சுருக்கமான விதி.

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் குடும்ப வருமானச் செலவு அளவீட்டிலும் உணவுக்கு ஒரு கிழமை, ஏனைய செலவுகளுக்குப் பொருளின் தன்மைக்கேற்ப நீண்ட காலங்கள் என்ற ஏற்பாடே உள்ளது.

நோயைப் பற்றிக் கேட்கும்போது விடயம் மேலும் நுட்பமாகிறது. டில்லி நகரக் குடும்பங்கள் சிலவற்றில் கிழமைக் கேள்வியையும் மாதக் கேள்வியையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2012 இல் வெளியாயின. மாதத்துக்குக் கேட்டபோது, வறியோர் சொன்ன நோய்களும் வைத்தியரிடம் சென்ற தடவைகளும் கிழமைக் கேள்வி காட்டியதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வசதியுள்ளோர் விடையில் அவ்வளவு குறைவு இல்லை. கிழமைக் கேள்வியின்படி வறியோரே வைத்தியரிடம் அதிகம் செல்பவர். மாதக் கேள்வியின்படியோ வசதியுள்ளோரே அதிகம் செல்பவர். தடிமனும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் அடிக்கடி வந்துபோகும் வீட்டில் அவை நினைவில் நிற்பதில்லை. அவை அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகிவிடுகின்றன. எப்போதாவது நோய் வரும் வீட்டிலோ ஒரு காய்ச்சல் ஒரு சம்பவமாக நிற்கிறது. ஆகவே மறதி எல்லோரையும் சமமாகத் தொடுவதில்லை. நோயால் அதிகம் வருந்துவோரின் நோயையே அது அதிகம் மறைக்கிறது. மருந்தகம் எங்கே அமையவேண்டும் என்று தீர்மானிப்போர் மாதக் கணக்கைப் பார்த்தால் தவறான இடத்தையே தெரிவு செய்யக்கூடும்.

தெரிந்தெடுத்த காலம் பொருந்துகிறதா என்பதை எவ்வாறு அறிவது? ஒரு வழி, ஒவ்வொரு நிகழ்வுக்கும் திகதியும் கேட்டு, கிடைத்தவற்றை நாள்வாரியாக அடுக்கிப் பார்ப்பது. பல வீடுகளின் விடைகளை ஒன்றாகச் சேர்த்தால் எல்லா நாள்களிலும் ஏறத்தாழ ஒரே தொகை இருக்கவேண்டும். நேற்றும் முந்தாநாளும் நிறைய வயிற்றோட்டம், பத்து நாளுக்கு முன் மிகச் சில என்று இறங்கிச் சென்றால், அது நோயின் இறக்கமன்று, மறதியின் சரிவு. கடைசி எல்லை நாளில் மாத்திரம் குவிந்திருந்தால், வெளியேயிருந்து உள்ளே வழுக்கியவை அவை.

வழுக்கலுக்கு நல்லதொரு மருந்து உண்டு. வீடு திருத்தும் செலவுகளை ஆராய்ந்த நீற்றர், வாக்ஸ்பேர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1964 இல் இதனை விளக்கினர். உத்தியோகத்தர் ஒரே வீட்டுக்கு இருமுறை செல்வார். முதல் தடவை கேட்டவை கணக்கிற் சேர்வதில்லை. எல்லைக் கல்லாக மாத்திரம் நிற்கும். இரண்டாம் தடவை, “இவற்றைச் சென்ற முறை சொல்லிவிட்டீர்கள், அதன்பின் என்ன?” என்று கேட்பார். பழையது மீண்டும் நுழைய இடமில்லை. ஆனால் இதற்குச் செலவு இரட்டிப்பாகும். மறந்ததை மீட்டுத்தரவும் இதனால் இயலாது. இரண்டாம் பயணத்துக்கு வசதியில்லாத இடத்தில், சந்தை நாள், வெள்ளிக்கிழமை, பூரணை போன்ற எல்லோரும் அறிந்த நாளொன்றைச் சொல்லி, “அதற்குப் பின்னா, முன்னா?” என்று கேட்பது ஓரளவு துணைசெய்யும்.

எனவே வறுமை குறைந்தது, நோய் பெருகியது என்று ஓர் அறிக்கை வெளிவருமானால், இரு ஆண்டுகளிலும் ஒரே காலத்துக்கே கேள்வி கேட்கப்பட்டதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். காலம் மாறியிருந்தால் அந்த இரு எண்களையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. விறாந்தையில் அமர்ந்து “ஒன்பதாயிரம் என்று எழுதுங்கோ” என்ற அம்மையார் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குத் தம்மால் இயன்ற விடையையே அவர் சொன்னார்.