இரவுப் பயணங்கள் – 6: காத்திருப்புப் பட்டியலும் ஆம்னி பேருந்தும்

சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலும் படுக்கைப் பேருந்தும் ஏறக்குறைய எட்டு மணி நேரம்தான் எடுத்துக்கொள்கின்றன. ரயிலில் படுக்கை உறுதியாகியிருந்தால் வேறு யோசனையே வேண்டாம். எழுந்து நடக்கலாம், கழிவறை அதே பெட்டியில் இருக்கிறது, தூக்கமும் அதிகம் கெடாது. டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும்போதுதான் குழப்பம்.

வெள்ளிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குப் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் GNWL 48/WL 12 என்று வருகிறது. பதிவு செய்தபோது உங்கள் இடம் 48, இப்போது 12. அதாவது உங்களுக்கு முன்னால் இருந்தவர்களில் 36 பேர் இடம் கிடைத்தோ ரத்து செய்தோ நகர்ந்துவிட்டார்கள். GNWL என்பது பெரும்பாலும் வண்டி புறப்படும் ஊரிலிருந்து ஏறுபவர்களுக்கானது. நகர வாய்ப்பு அதிகம். இடையிலுள்ள ஊர்களுக்கான PQWL அவ்வளவு எளிதில் நகராது. தட்கல் காத்திருப்பை நம்பவே வேண்டாம், பொதுப் பட்டியலுக்குத்தான் முன்னுரிமை. RAC வந்துவிட்டால் ஏறிக்கொள்ளலாம். ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இன்னொருவரோடு பங்கிட்டு உட்கார்ந்தே விடிய நேரலாம். மறுநாள் காலை நேர்முகத் தேர்வு இருப்பவர் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் வண்டி கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போதுதான் முதல் முன்பதிவுப் பட்டியல் வரும். 2025-இல் அதை முன்னுக்குத் தள்ளியதால் இரவு வண்டியின் நிலவரம் மதியத்துக்குள் தெரிந்துவிடுகிறது. பயணிகளுக்குக் கிடைத்த நல்ல மாற்றம் இது. பட்டியல் வந்த பிறகும் WL என்றே இருந்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட் தானாக ரத்தாகி, சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும். பேருந்தில் அப்படியில்லை. கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கத் திரும்பும் தொகை குறையும், கடைசி சில மணி நேரத்தில் ஒன்றுமே வராது. அதனால் சாதாரண வார இறுதியென்றால் பட்டியல் வரும்வரை பொறுத்து, பிறகு பேருந்தில் பதியலாம். பொங்கல், தீபாவளிக்கு அது நடக்காது. பேருந்து ரத்து விதியைப் படித்துவிட்டு முன்கூட்டியே ஓரிடம் பிடித்துவைப்பதுதான் வழி.

பேருந்தென்று முடிவானால் நடுப்பகுதியில் கீழ்ப்படுக்கையைக் கேளுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் படுப்பவர்களைத்தான் ஒவ்வொரு வேகத்தடையும் தூக்கிப்போடும். தனியாகப் போகிறவர்களுக்கு ஒற்றைப் படுக்கை வரிசை நிம்மதி. ஏறுமிடம் பெரும்பாலும் கிளாம்பாக்கம் என்பதால் வட சென்னைக்காரர்கள் அங்கே போய்ச்சேரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2025 அக்டோபரில் கர்நூல் அருகே ஹைதராபாத்–பெங்களூரு படுக்கைப் பேருந்து தீப்பிடித்து, உறக்கத்திலிருந்த பலர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். எனவே திரைச்சீலையை இழுத்துவிடுமுன் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கிறதா, நடைபாதையில் மூட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சுத்தியல் இல்லையென்றால் வண்டி கிளம்புமுன் நடத்துநரிடம் கேளுங்கள். மூட்டைகளையும் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.