'15 வேலை நாள்ல டெலிவரி'ன்னா எந்த தேதி? ஞாயிறு மட்டும் லீவு விடும் கடைகளுக்கு கணக்கே வேற!

கல்யாண பத்திரிகை அடிக்க பிரஸ்ல ஆர்டர் கொடுக்குறீங்க. 'இன்னையில இருந்து 15 வேலை நாள்'னு பில்லில் எழுதித் தர்றாங்க. தேதி எதுவும் இல்லை. ஆர்டர் கொடுத்த நாள் 2025 ஜூலை 3, வியாழக்கிழமை. பத்திரிகையை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போக ஜூலை 22-ம் தேதி ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. பத்திரிகை கைக்கு வந்துடுமா?

இதே கேள்விக்கு மூணு பேர் மூணு பதில் சொல்வாங்க. காலண்டரில் நேரா 15 நாள் எண்ணினால் ஜூலை 18. சனி, ஞாயிறு ரெண்டும் லீவுன்னு வைத்தால் ஜூலை 24. ஞாயிறு மட்டும் லீவுன்னா ஜூலை 21. நம்ம ஊர் பிரஸ், தையல் கடை, மரக்கடை, ஒர்க்ஷாப்ல பெரும்பாலும் சனிக்கிழமையும் வேலை நடக்கும். அதனால் இங்கே சரியான பதில் 21-ம் தேதி, திங்கள்கிழமை. ரயிலுக்கு ஒரு நாள் முன்னாடி பத்திரிகை ரெடி.

விரல் விட்டு எண்ணாமல் கண்டுபிடிப்பது எப்படி?

ஞாயிறு மட்டும் லீவுன்னா வாரத்துக்கு 6 வேலை நாள். அதனால் 6 வேலை நாளைக் கூட்டினால், காலண்டரில் சரியா 7 நாள் தள்ளி அதே கிழமையில் வந்து நிற்போம். இது ஒண்ணு போதும்.

15-ஐ 6-ஆல் வகுத்தால் 2 வாரம், மீதி 3 நாள். ஜூலை 3 வியாழனில் இருந்து 2 வாரம் தள்ளினால் ஜூலை 17, அதுவும் வியாழன். மீதி மூணு நாளை மட்டும் எண்ணுங்க: வெள்ளி 18, சனி 19, அடுத்தது ஞாயிறு என்பதால் தாண்டி திங்கள் 21. அவ்வளவுதான். எத்தனை நாள் கொடுத்தாலும் கடைசியில் அதிகபட்சம் 5 நாளைத்தான் கையால் எண்ண வேண்டியிருக்கும்.

நிறைய பேர் வேற மாதிரி போடுவாங்க. '15 நாளுக்குள்ள ரெண்டு ஞாயிறு வருது, அதனால 17 நாள் கூட்டுவோம்' என்பார்கள். ஜூலை 3-உடன் 17-ஐக் கூட்டினால் ஜூலை 20. அதுவே ஒரு ஞாயிறு! கூட்டின அந்த ரெண்டு நாள் மூணாவது ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுபோய் விட்டுடுச்சு. இந்த முறையில் போட்டால், கடைசி தேதி வரைக்கும் எத்தனை ஞாயிறு வருதுன்னு திரும்ப எண்ணிப் பார்த்தே ஆகணும்.

இன்னொரு சிக்கல், ஆர்டரே ஞாயிற்றுக்கிழமை போனால். ஆன்லைனில், வாட்ஸ்அப்பில் இது சகஜம். ஜூலை 6 ஞாயிறு அன்று கொடுத்த ஆர்டருக்கு 6 வேலை நாள்னா, 7 நாள் தள்ளினால் ஜூலை 13, திரும்பவும் ஞாயிறு. தப்பு. அப்போ முந்தைய சனிக்கிழமையே ஆர்டர் கொடுத்த மாதிரி நினைச்சுக்கணும். ஜூலை 5-ல் இருந்து 7 நாள், ஜூலை 12 சனிக்கிழமை. திங்கள் முதல் சனி வரை எண்ணிப் பாருங்க, சரியா 6 நாள் வரும்.

எக்செல், கூகுள் ஷீட்ஸில் என்ன போடணும்?

தினமும் பத்து இருபது ஆர்டர் எடுக்கும் கடைக்காரர்களுக்கு இதுதான் வசதி. A2-வில் ஆர்டர் தேதி, B2-வில் வேலை நாள் எண்ணிக்கை. C2-வில் இதைப் போடுங்க:

```
=WORKDAY.INTL(A2,B2,11)
```

கடைசியில் இருக்கும் 11 என்ற எண்தான் 'ஞாயிறு மட்டும் லீவு' என்பதற்கான குறியீடு. அதை விட்டுட்டாலோ, பழைய `WORKDAY` ஃபார்முலாவைப் போட்டாலோ சனியும் லீவாகக் கணக்காகி ஜூலை 24 வந்துடும். எர்ரர் எதுவும் காட்டாது என்பதுதான் இதில் ஆபத்து. பார்க்க சரியான தேதி மாதிரியே இருக்கும், ஆனா மூணு நாள் லேட்.

பதிலாக 45859 என்று ஒரு எண் வந்தால் பயப்பட வேண்டாம். ஜூலை 21-ஐ எக்செல் உள்ளுக்குள் அப்படித்தான் வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தின் ஃபார்மேட்டை தேதியாக மாத்தினால் போதும்.

இதைவிடப் பெரிய தொல்லை, தேதியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது. செட்டிங் அமெரிக்க முறையில் இருந்தால் 03-07-2025 என்பது மார்ச் 7 ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் `=TEXT(A2,"dddd")` போட்டு கிழமையைப் பாருங்க. வியாழன் வராமல் வெள்ளி வந்தால் மார்ச் 7-க்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். 13-07-2025 போன்ற தேதிக்கு 13-வது மாதம் கிடையாது என்பதால், அது வெறும் எழுத்தாகவே இடது ஓரமாக ஒட்டி நிற்கும்.

முதல் நாள் கணக்கில் சேருமா?

தகராறு வர்றது பெரும்பாலும் இங்கதான். ஃபார்முலா ஆர்டர் கொடுத்த நாளைச் சேர்க்காது, மறுநாள்தான் ஒண்ணாம் நாள். நாம மேலே கையால் போட்டதும் அப்படித்தான். ஆனா சில கடைகளில் அன்னைக்கே வேலை ஆரம்பித்து அதையும் ஒரு நாளாக எண்ணுவார்கள். அப்படின்னா நம்ம பத்திரிகை ஜூலை 19 சனிக்கிழமையே வந்துடும். ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனா நடுவில் ஞாயிறு வந்து உட்கார்ந்ததால் ரெண்டு நாளாகத் தெரியுது.

போட்ட தேதி சரியான்னு திருப்பிச் சரிபார்க்க:

```
=NETWORKDAYS.INTL(A2+1,C2,11)
```

15 என்று வரணும். இந்த ஃபார்முலா ரெண்டு பக்கத்து நாளையும் சேர்த்து எண்ணும். அதனால்தான் `+1`. அதை விட்டால் 16 காட்டும், டெலிவரி தேதி தப்புன்னு நினைச்சுக் குழம்ப வேண்டாம்.

நடுவில் பண்டிகை வந்தால்?

இந்த ஜூலை மாதக் கணக்கில் ஞாயிறு தவிர கடை மூடும் நாள் எதுவும் இல்லைன்னு வைத்துத்தான் பார்த்தோம். அப்படி இருந்தால், அந்தத் தேதிகளை E2 முதல் E10 வரை எழுதிட்டு, ஃபார்முலாவில் நாலாவதாகச் சேர்க்கலாம்:

```
=WORKDAY.INTL(A2,B2,11,E2:E10)
```

ஆகஸ்ட் 11 திங்கள் கொடுத்த ஆர்டர், 6 வேலை நாள்னா ஆகஸ்ட் 18 திங்கள். சுதந்திர தினமான 15-ம் தேதி வெள்ளிக்கிழமை கடை லீவுன்னு பட்டியலில் எழுதினால் 19 செவ்வாய் ஆகிவிடும். வங்கி மாதிரி ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை மட்டும் மூடும் இடத்துக்கு 11 மட்டும் போதாது. அந்தச் சனிக்கிழமைகளையும் இதே பட்டியலில் ஒவ்வொண்ணாக எழுதித்தான் ஆகணும்.

வாடிக்கையாளர் பக்கம் இருப்பவர்கள், பில் வாங்கும்போதே ரெண்டு விஷயம் கேட்டுடுங்க: சனிக்கிழமை வேலை உண்டா, இன்னைக்கு கணக்கில் சேருதா? பதிலைக் கேட்டுட்டு 'அப்போ 21-ம் தேதி திங்கள்தானே?' என்று சொல்லி, அந்தத் தேதியையே பில்லில் எழுதச் சொல்லுங்க.