ஐந்து லிட்டர் கூலன்டுக்கு எத்தனை கேன்?

சின்ன காருக்கு முழு சர்வீஸ் செய்யத் தேவையான திரவங்களை ஒரே நடையில் வாங்கிவிடலாம். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கையால் மாற்றும் கியர் கொண்ட ஹேட்ச்பேக் என்றால் பட்டியல் சுமார் இப்படி வரும்: இன்ஜின் ஆயில் மூன்றிலிருந்து மூன்றரை லிட்டர், கியர் ஆயில் இரண்டு லிட்டர், பிரேக் ஆயில் ஒரு லிட்டர், கூலன்ட் ஐந்து லிட்டர். சரியான அளவு காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பவர் ஸ்டியரிங் ஆயிலை அடித்துவிடலாம். இந்த அளவுக் கார்களில் பெரும்பாலும் அந்த வேலையை மின் மோட்டார்தான் செய்கிறது.

சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் இவை கிடைக்கும். கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே வாங்கும் எண்ணாக எடுத்துக்கொண்டால் இடறுவது கூலன்டில்தான்.

குளிர்விக்கும் அமைப்பு மொத்தம் 5 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் அத்தனையும் வெளியே வராது. இன்ஜின் உடலுக்குள்ளும் ஹீட்டர் குழாய்களிலும் தேங்கியது தங்கிவிடும். 3 லிட்டர் வந்தால் 2 லிட்டர் உள்ளேயே இருக்கிறது. பழையது துருவேறியிருந்தால், தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓட்டி, தெளிவாக வரும்வரை அலசுவோம். அலசி முடிந்ததும் உள்ளே தங்கியிருக்கும் 2 லிட்டர், வெறும் தண்ணீர்.

இப்போது பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விற்கும் கூலன்டை ஊற்றினால் 3 லிட்டர்தான் பிடிக்கும். அதில் கிளைகால் ஒன்றரை லிட்டர். மொத்த 5 லிட்டரில் அது 30 சதவீதம். நாம் காசு கொடுத்தது 50 சதவீதத்துக்கு.

உறைபனியே இல்லாத ஊரில் 30 இருந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் துருவையும் அலுமினிய அரிப்பையும் தடுக்கும் வேதிப்பொருள்களும் அந்தக் கூலன்டில்தான் கலந்திருக்கின்றன. கிளைகால் குறைந்த அதே விகிதத்தில் அவையும் நீர்த்துப்போகும். கொதிநிலையும் கொஞ்சம் இறங்கும். பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதை இன்னும் 20 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது.

அதனால் அலசப்போகிறவர் வாங்க வேண்டியது தண்ணீர் கலக்காத அடர் கூலன்ட், இரண்டரை லிட்டர். முதலில் அதை முழுவதும் ஊற்றிவிட்டு, மிச்ச அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர். உள்ளே இருக்கும் தண்ணீரோடு சேர்ந்து கணக்கு சரியாக 50-க்கு வந்துவிடும். அலசாமல் வடித்து மட்டும் மாற்றுகிறவருக்குக் கலந்து விற்பதே போதும், அதே வகையாக இருக்கும்வரை. நிறத்தைப் பார்த்து வகையை முடிவுசெய்ய வேண்டாம். அது கம்பெனி விருப்பப்படி சேர்க்கும் சாயம். அடர் கூலன்டை மட்டுமே நிரப்புவதும் தவறு. தண்ணீரைவிட கிளைகால் வெப்பத்தை ஏந்திச் செல்லும் திறன் குறைந்தது.

பிரேக் ஆயிலில் சிக்கல் வேறு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்த திரவம் அது. உறிஞ்சாத திரவமாக இருந்தால், உள்ளே புகும் நீர் தனித் துளியாகச் சக்கரத்தருகே தாழ்ந்த இடத்தில் தங்கும். அங்கே துருப்பிடிக்கும், மலைச்சாலை இறக்கத்தில் சூடேறினால் 100 டிகிரியிலேயே ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி தரைவரை போகும். கரைந்த நீரோ கொதிநிலையை மெல்லத்தான் இறக்குகிறது. டாட் 4 வகைக்குத் தர விதி கேட்பது புதிதில் குறைந்தது 230 டிகிரி, சுமார் 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் குறைந்தது 155. திறந்த டப்பாவில் மிஞ்சுவதும் இப்படி ஈரத்தை உறிஞ்சும், ஆகவே ஒரு லிட்டர் டப்பாவாக வாங்காமல் அரை லிட்டர் டப்பா இரண்டாக வாங்குவது நல்லது. நான்கு சக்கரத்திலும் பழையது வெளியேறி நிறம் தெளிய முதல் டப்பா போதாவிட்டால் மட்டும் இரண்டாவதை உடைக்கலாம்.

கியர் ஆயிலில் பார்க்க வேண்டியது தரம். கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-5 வாங்கக் கூடாது. அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் சில கியர்பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். வேலையில் இறங்கும்போது முதலில் ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். பழையதை வடித்துவிட்டு, மேல் போல்ட் அசையவில்லை என்றால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்ஜின் ஆயிலுக்குக் கையேடு இரண்டு எண் தரும்: ஃபில்டர் மாற்றினால் ஒன்று, மாற்றாவிட்டால் சற்றுக் குறைவாக ஒன்று. பெரிய எண்ணுக்கு வாங்கி, அரை லிட்டர் குறைத்து ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆயில் கீழே இறங்கியபின் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தைச் சேர்க்கலாம். மேல்கோட்டைத் தாண்டி அதிகம் ஊற்றினால் சுழலும் கிராங்க் அதை நுரையாக அடித்துவிடும். பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும்.

திரவம் அல்லாத ஒன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்: டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். வடித்த கூலன்டைத் தெருவில் ஊற்றாமல் காலி கேனில் மூடி வையுங்கள். அது இனிக்கும், நாய் நக்கினால் அதன் சிறுநீரகம் போய்விடும்.